நகத்தில் கறுப்புக் கோடு: சாதாரண நிறமியா, மெலனோமாவா?

கேள்வி: எனக்கு 44 வயது. இடது கட்டைவிரல் நகத்தில் அடியிலிருந்து நுனி வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு இருக்கிறது. வலி கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் போல. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பாய் என்கிறார்கள் வீட்டில். தேடிப் படித்தால் மெலனோமா என்ற புற்றுநோய் என்று வருகிறது, பயமாக இருக்கிறது. எதை வைத்துத்தான் பிரித்துத் தெரிந்துகொள்வது?

பதில்:

அந்தக் கோடு எங்கே உற்பத்தியாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நாம் கண்ணால் பார்க்கும் இடத்தில் நகம் வளர்வதில்லை. நகத்தின் அடியில் தோல் மடிந்து மூடியிருக்கிறதே, அதற்குள்ளே சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நக வேர் மறைந்திருக்கிறது. டாக்டர்கள் மேட்ரிக்ஸ் என்பார்கள். கட்டைவிரலில் வெள்ளையாகப் பிறைபோலத் தெரிவது அந்த வேரின் முன்பகுதிதான். தறியில் துணி நெய்து வருவதைப் போல, வேரில் உருவாகும் நகம் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வருகிறது. பாவில் ஓர் இழை கறுப்பாக இருந்தால் துணி நெடுக அந்தக் கோடு ஓடும் அல்லவா? நக வேரில் ஓர் இடத்தில் நிறமி செல்கள் மெலனின் விட ஆரம்பித்தால் அதே போல நகம் நெடுகக் கோடு விழும்.

ஆகவே நீங்கள் பார்க்கும் கோடு வெறும் சாட்சி. கோளாறு இருந்தால் அது தோலுக்கு அடியில், வேரில் இருக்கிறது. இன்னொரு வசதியும் இதில் உண்டு. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும், கால் பெருவிரல் நகம் 1 முதல் 1.5 மி.மீ. வரைதான். உங்கள் கட்டைவிரல் நகம் 15 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், நுனியில் இருப்பது ஐந்து மாதத்துக்கு முன்னால் உருவானது, அடியில் இருப்பது போன வாரம் உருவானது. நகம் தன் தேதியைத் தானே எழுதிக்கொண்டு வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி விடை வீட்டிலேயே கிடைக்கும்.

இடித்துக்கொண்டதாக இருக்கலாமா என்பதை முதலில் பார்ப்போம். அடிபட்டால் நகத்துக்கும் அடிச்சதைக்கும் நடுவே ரத்தம் கட்டும். அது வேரில் தொடர்ந்து நடக்கும் சமாசாரம் கிடையாது, ஒருமுறை நடந்து முடிந்தது. அதனால் ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும், பின்னால் சுத்தமான புது நகம் வரும். ஓரம் பெரும்பாலும் வட்டமாக, செங்கறுப்பாக இருக்கும். அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராகக் கோடு போட்டதுபோல் இருப்பது அபூர்வம். சோதிப்பது சுலபம். நகத்தோலிலிருந்து கறை தொடங்கும் இடம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிவையுங்கள். இன்று 2 மி.மீ. என்றால் ஒரு மாதத்தில் ரத்தம் நகத்தோலிலிருந்து 5 மி.மீ. தொலைவுக்குப் போயிருக்கும். கால் நகமாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்தும் கைநகத்தில் அதே கோடு அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றால் அது பழைய அடியின் ரத்தமாக இருக்க வழியே இல்லை. நகம் இரண்டு முறை முழுசாகப் புதுப்பித்துக்கொண்டாயிற்றே.

இதில் இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கட்டிகளும் கசியும்; அதனால் ரத்தம் இருப்பது உறுதியானாலும் கூடவே வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அடிபடாமலே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ரத்தம் கட்டினால் காட்டியே ஆக வேண்டும். இன்னொன்று, அடிபட்ட கதையை நம்பி ஏமாறுவது. கட்டைவிரலையும் கால் பெருவிரலையும் வருஷத்தில் ஒருமுறையாவது இடித்துக்கொள்ளாதவர் யார்? யோசித்தால் எல்லோருக்கும் ஒரு கதவோ கல்லோ ஞாபகம் வரும். நான் பார்த்த நக மெலனோமாக்களில் பாதிப்பேராவது அப்படி ஒரு கதையோடுதான் வந்தார்கள்.

வெளியிலிருந்து ஒட்டிய சாயக்கறையும் பூஞ்சையும் மீதி. முடிச்சாயம், புகையிலைக் கறை போன்றவை சுரண்டினால் வரும். அடியில் தோலின் வளைவையொட்டி வளைந்து முடியும், நகம் வளர வளரத் தள்ளிப்போகும். பூஞ்சை பெரும்பாலும் நுனிப்பக்கமிருந்து உள்ளே நுழைகிறது. அதனால் கறுப்புப் பூஞ்சைக் கோடு நுனியில் அகலமாகவும் அடியை நோக்கிக் குறுகலாகவும் இருக்கும். நகம் மஞ்சளித்து, தடித்து, உதிரும். இந்த வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெலனோமா வரையும் வடிவம் இதற்கு நேர் தலைகீழ்.

இப்போது உண்மையான நிறமிக் கோட்டுக்கு வருவோம். நக வேரில் நிறமி செல்கள் எல்லோருக்கும் உண்டு, ஆனால் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். கோடு விழ இரண்டு வழி. ஒன்று, இருக்கிற செல்கள் விழித்துக்கொள்வது. எண்ணிக்கை கூடுவதில்லை, வேலை மட்டும் கூடுகிறது. இன்னொன்று, செல்களின் எண்ணிக்கையே கூடுவது. நகத்தடி மச்சமும் மெலனோமாவும் இந்த இரண்டாவது வகையில் அடங்கும்.

பெரியவர்களில் விழித்துக்கொள்வதுதான் அதிகம். தோல் நிறம் கருமையாக உள்ளவர்களிடம் இது வெகு சாதாரணம்: ஆப்பிரிக்க வம்சாவளியினரில் 50 வயது தாண்டிய கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதாவது ஒரு நகத்தில் கோடு இருக்கும், ஜப்பானியர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு உண்டு. நகம் கடிப்பது, செருப்பு உரசுவது, கர்ப்பம், சில புற்றுநோய் மருந்துகள், ஹைட்ராக்ஸியூரியா, ஜிடோவுடின், பி12 குறைபாடு, அட்ரீனல் சுரப்பி சோர்ந்துபோகும் அடிசன் நோய், இவையெல்லாம் அந்தச் செல்களை எழுப்பக்கூடியவை. உடம்பு முழுவதையும் பாதிக்கும் காரணம் ஒரு நகத்தோடு நிற்காது. பல நகங்களில் மெல்லிய கோடுகளாக வரும். அதனால் நான் யாருடைய நகத்தைப் பார்த்தாலும் இருபதையும் பார்க்காமல் விடுவதில்லை. ஆறேழு நகங்களில் சாம்பல் கலந்த பழுப்பாக, மெல்லிசாக, ஓரம் நேராகக் கோடுகள் தெரிந்தால் மனசு லேசாகிவிடும். ஆனால் பல கோடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தனித்து, கறுத்து, அகலமாகத் தெரிந்தால் அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

சந்தேகத்தைக் கூட்டுகிற விஷயங்களுக்கு வருகிறேன். ஒரே ஒரு நகம். அதிலும் கட்டைவிரல், கால் பெருவிரல், ஆள்காட்டி விரல். பெரியவரான பிறகு புதிதாக வந்தது. நக மெலனோமா 50 முதல் 70 வயதுக்குள் அதிகம் தெரியவருகிறது. கோட்டின் அகலம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல். ஒரே கோட்டுக்குள் பழுப்பும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்திருப்பது, ஓரம் மங்கிக் கலங்கியிருப்பது. நகம் அந்த இடத்தில் பிளப்பது. தோலில் நிறம் பரவுவது. இவற்றில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. 3 மி.மீ. என்பதும் மதில்சுவர் கிடையாது, 2 மி.மீ. கோட்டிலும் மெலனோமா இருந்திருக்கிறது, 5 மி.மீ. கோடு வெறும் மச்சமாகவும் இருந்திருக்கிறது. என் அனுபவத்தில் அகலத்தைவிட மாற்றம்தான் அதிகம் பேசுகிறது.

அந்த மாற்றத்தை நகமே காட்டிக்கொடுக்கும் என்றேன். கோட்டின் அகலத்தை நுனியில் ஒருமுறை, அடியில் ஒருமுறை அளந்து பாருங்கள். நுனியில் 2 மி.மீ., அடியில் 4 மி.மீ. என்றால் என்ன அர்த்தம்? ஐந்து மாதத்துக்கு முன் வேரில் 2 மி.மீ. அகலத்துக்கு இருந்த நிறமித் திட்டு இப்போது 4 மி.மீ. ஆகியிருக்கிறது. கோடு முக்கோணமாகத் தெரிவது இதனால்தான். முன்னால் எடுத்த போட்டோ எதுவும் இல்லாதபோதும் இந்த ஒரு அளவை வைத்தே திட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஓரங்கள் இணையாக இருந்தால் உடனே நிம்மதி அடையவும் கூடாது. கடந்த ஐந்து மாதமாக வேகமாக வளரவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். மெதுவாக வளரும் ஆரம்பகட்ட மெலனோமா ஐந்து மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவே நகரலாம்.

அடுத்தது தோலில் பரவும் நிறம். லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1886-இல் இதை விவரித்தார். கரும் நகச்சுத்தி என்று பொருள்படும் பெயரைத்தான் அவர் அந்த நோய்க்கு வைத்தார், ஏனென்றால் பார்ப்பதற்கு ஆறாத நகச்சுத்தி போலவே இருந்தது. இன்றைக்கும் நகத்தோலிலோ, பக்கவாட்டுத் தோலிலோ, நகநுனிக்குக் கீழே உள்ள விரல்தோலிலோ நிறம் வழிந்திருப்பதை ஹட்சின்சன் அடையாளம் என்கிறோம். நிறமி செல்கள் வேரைத் தாண்டித் தோலுக்குள் நகர்ந்திருக்கலாம் என்பதால் இது கனமான அடையாளம். ஆனால் இதிலும் ஒரு மயக்கம் உண்டு. நகத்தோல் கண்ணாடி மாதிரி மெல்லிசு. அதற்குக் கீழே இருக்கும் கோட்டின் நிறம் ஊடாகத் தெரிந்து தோலே கறுத்ததுபோல் தோன்றும். நகத்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் நிறம் தோலோடு வருகிறதா, நகத்தோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இயல்பாகவே கருமையான தோல் உள்ளவர்களுக்கு எல்லா விரல்களிலும் நகத்தோல் கறுத்திருக்கலாம். பக்கத்து விரலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த அடையாளத்தை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது.

தோல் மருத்துவரிடம் போனால் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை, ஜெல் தடவி, நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். வெறும் கண்ணுக்கு ஒரே பட்டையாகத் தெரிவது அதில் பல மெல்லிய இழைகளாகப் பிரியும். சாம்பல் நிறப் பின்னணியில் மெல்லிய சாம்பல் இழைகள் என்றால் செல்கள் விழித்துக்கொண்ட வகை. பழுப்புப் பின்னணியில் இழைகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே தடிமன், ஒரே இடைவெளி, ஒன்றுக்கொன்று இணை என்றால் மச்சம் என்ற எண்ணம் வரும். ஒன்று தடித்து ஒன்று மெலிந்து, ஒன்று கறுத்து ஒன்று வெளுத்து, நடுவில் அறுந்து, இணையாக ஓடாமல் சிதறியிருந்தால் மெலனோமா என்று சந்தேகப்படுவோம். ரத்தம் இந்தக் கண்ணாடியில் இழையாக இல்லாமல் சிறு உருண்டைகளாகத் தெரியும். பிறகு விரலை நேராகத் திருப்பி, நகத்தின் வெட்டு நுனியை எதிரில் நின்று பார்ப்பார். நிறம் நகத்தின் தடிமனில் கீழ்ப்பாதியில் இருந்தால் அது வேரின் முன்பகுதியிலிருந்து வருகிறது, மேல்பாதியில் இருந்தால் வேரின் பின்பகுதியிலிருந்து. இது எதற்கு என்று பிறகு தெரியும்.

ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 53, வலது கட்டைவிரல். இரண்டு வருஷத்துக்கு முன் பென்சில் கோடு மாதிரி தொடங்கியதாம். வேறோர் இடத்தில் பூஞ்சை என்று சொல்லி எட்டு மாதம் மருந்து சாப்பிட்டிருக்கிறார், நகத்துணுக்கைப் பரிசோதிக்காமலே. நான் பார்த்தபோது கோடு நுனியில் 3 மி.மீ., அடியில் 5 மி.மீ. நகம் தடிக்கவில்லை, மஞ்சளிக்கவில்லை, வடிவமும் பூஞ்சைக்கு நேர் எதிர். மற்ற பத்தொன்பது நகமும் சுத்தம். டெர்மாஸ்கோப்பில் இழைகள் ஒரு பக்கத்து ஓரத்தில் நெருங்கி, மறுபக்கம் கலைந்து கிடந்தன. நகத்தோலைத் தள்ளிப் பார்த்தேன். மிளகளவுகூட இல்லாத ஒரு பழுப்புத் தீற்றல் தோலோடு சேர்ந்து நகர்ந்தது. அவரிடம் அப்போதே சொன்னேன், "இது புற்றுநோய்தான் என்று இப்போது சொல்ல மாட்டேன், ஆனால் சதை எடுத்துப் பார்க்காமல் உங்களை அனுப்பவும் மாட்டேன்."

சதை எடுப்பது எங்கே என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கோடு தெரிகிற இடத்தில் நகத்தை வெட்டி அனுப்பினால் அதில் மெலனின் இருக்கிறதா, ரத்தமா, பூஞ்சையா, எந்த அடுக்கில் என்றெல்லாம் தெரியும். செல்கள் எப்படிப்பட்டவை என்று தெரியாது, ஏனென்றால் அந்தச் செல்கள் அங்கே இல்லை. கோட்டுக்கு நேர் கீழே உள்ள அடிச்சதையிலிருந்து எடுத்தாலும் அப்படியே. எடுக்க வேண்டியது வேரிலிருந்து. அவருக்கு விரலடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நகத்தோலை இரண்டு பக்கமும் கீறி மடக்கி, நகத்தின் பின்பாதியைக் கதவு திறப்பதுபோல் ஒதுக்கினோம். வேரில் பழுப்புத் திட்டு கண்ணெதிரே தெரிந்தது. அதை முழுசாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் சீவி எடுத்தோம். முழுத் திட்டையும் எடுப்பது அவசியம். ஓரத்தில் ஒரு துளி மட்டும் எடுத்தால் நடுவில் இருக்கும் புற்றைத் தவறவிட்டு, ஒன்றுமில்லை என்று பொய் நிம்மதி கிடைக்கும். நகத்தைத் திரும்ப மூடித் தைத்தோம். வேரின் முன்பகுதியில் எடுத்தால் நகம் பெரும்பாலும் பழையபடி வரும். பின்பகுதியில் ஆழமாக எடுத்தால் நகம் நிரந்தரமாகப் பிளந்து அல்லது மெலிந்து வளரக்கூடும். நுனியை எதிரில் நின்று பார்த்தது இதற்குத்தான்: எந்தப் பகுதி என்று முன்கூட்டியே தெரிந்தால் நோயாளியிடம் உண்மையைச் சொல்லிச் சம்மதம் கேட்கலாம்.

முடிவு: மெலனோமா, ஆனால் மேல்தோலைத் தாண்டாத ஆரம்பநிலை. நகம், வேர், அடிச்சதை எல்லாவற்றையும் எலும்பு வரை ஒரே துண்டாக எடுத்து, அந்த இடத்தில் தோல் ஒட்டினோம். கட்டைவிரல் இருக்கிறது, நகம் இனி வராது. பேனா பிடிக்கிறார், சட்டைப் பொத்தான் போடுகிறார். அது ஆழமாக இறங்கியிருந்தால் பேச்சே வேறு: ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து, நிணநீர் முடிச்சைப் பரிசோதித்து, சிலருக்கு விரலின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியிருக்கும். அந்த எட்டு மாதப் பூஞ்சை மருந்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. அவருக்கு அதிர்ஷ்டம், அதற்குள் அது இறங்கவில்லை.

இரண்டு விஷயம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. நக மெலனோமாக்களில் கணிசமானவை நிறமே இல்லாதவை. கோடு இருக்காது, ஒரு நகத்தில் மட்டும் சிவந்த சதை முளைக்கும், நீர் கசியும், நகம் அழியும், ஆறாத நகச்சுத்தி என்றே மாதக்கணக்கில் மருந்து போடுவார்கள். மறுபக்கம் குழந்தைகள். அவர்களுக்கு வரும் கோடு அகலமாக, கருகருவென்று, தோலில்கூடப் பரவி, பெரியவர்களுக்கு இருந்தால் அறுவைக்கே அனுப்பிவிடத் தோன்றும் அளவுக்கு இருக்கும். ஆனாலும் அநேகமாக எல்லாமே மச்சங்கள்தான். குழந்தைகளுக்கு நக மெலனோமா மிக மிக அரிது. அதனால் போட்டோ எடுத்து வைத்துக் கவனித்து வருவதே பெரும்பாலும் சரியான வழி. குழந்தையின் விரலை அவசரப்பட்டுக் கீற நான் சம்மதிப்பதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரிவது: ஒரே நகம், அதுவும் கட்டைவிரல், பெரியவரான பிறகு வந்தது, ஒரு வருஷம் தாண்டியும் அடியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அடிபட்ட ரத்தம் என்ற விளக்கம் விழுந்துவிட்டது. மிஞ்சுவது பெரும்பாலும் விழித்துக்கொண்ட செல்களாகவோ மச்சமாகவோ இருக்கும். ஆனால் அதை எழுத்தை வைத்து என்னால் உறுதி செய்ய முடியாது, டெர்மாஸ்கோப் பழகிய ஒரு தோல் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் போங்கள். கோடு அடியில் அகலமாக இருந்தாலோ, தோலில் நிறம் தெரிந்தாலோ, நகம் பிளந்தாலோ இந்த வாரமே போங்கள்.

போவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் மி.மீ. ஸ்கேல் வைத்து, மேலிருந்து ஒரு போட்டோவும் நுனிக்கு எதிரிலிருந்து ஒரு போட்டோவும் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். கைப்பேசியில் பழைய படங்களைத் துழாவிப் பாருங்கள். கட்டைவிரல் தெரிகிற ஒரு படம் அகப்பட்டால் கோடு எப்போது தொடங்கியது, எவ்வளவு அகலமாக இருந்தது என்பது தெரியும், அது டாக்டருக்குப் பெரிய உதவி. சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும், குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா இருந்ததா என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். நகப்பூச்சு இருந்தால் எல்லா விரல்களிலும் துடைத்துவிட்டு, காலணியையும் கழற்றிக் கால் விரல்களையும் காட்டுங்கள். கவனித்து வரலாம் என்று அவர் சொன்னால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறு தேதி கேட்டு வாங்கிக்கொண்டு, அதே கோணத்தில் எடுத்த புது போட்டோவோடு திரும்பப் போங்கள். சதை எடுக்கலாம் என்று சொன்னால் "வேரிலிருந்து எடுப்பீர்களா, முழுத் திட்டையும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள்.